140 கிராம் எப்படி 100 கிராம் ஆனது: நீண்ட உரையாடலில் நிரல் விலகிப்போவது ஏன்?

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மண்டி, பட்டறை, ஜவுளிக்கடை ஆகியவற்றுக்குக் கணக்கு நிரல் எழுதித் தருபவர்களில் பலர் இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவியோடு உரையாடியபடியே நிரலை வளர்க்கிறார்கள். அவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. காலையில் எழுதி, சோதித்து, சரியென்று ஒத்துக்கொண்ட ஒரு பகுதி, மாலையில் அதே உரையாடலில் முழு நிரலையும் திரும்பக் கேட்டபோது வேறு மாதிரி வந்திருக்கிறது. அந்தப் பகுதியை மாற்றும்படி யாரும் சொல்லவில்லை. மாற்றியதாகக் கருவியும் சொல்லவில்லை.

கருவிக்கு மறதி வந்துவிட்டது என்று சிலரும், நிறுவனம் தரத்தைக் குறைத்துவிட்டது என்று சிலரும் சொல்கிறார்கள். இந்தக் குறிப்பிட்ட சிக்கலுக்கு இரண்டு விளக்கமும் பொருந்தாது. இந்த விலகலுக்கு அந்தக் கருவி எழுதும் விதத்திலேயே காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் விலகல் எந்த வரியில் வரும் என்பதைக்கூட ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

## எடுத்துக்காட்டு: பூ மண்டியின் சீட்டு

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை என்று வைத்துக்கொள்வோம். விவசாயி மல்லிகைப் பூவைப் பையோடு கொண்டுவந்து போடுகிறார். மொத்த எடையிலிருந்து பையின் எடையைக் கழிக்க வேண்டும். மீதியை அன்றைய விலையால் பெருக்கி, அதில் கமிஷன் பிடித்து, விவசாயி முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் கழித்துக் கையில் தரவேண்டிய தொகையைச் சீட்டில் எழுத வேண்டும். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்பதும் பை 140 கிராம் என்பதும் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.

உரையாடலின் தொடக்கத்தில் எழுதப்பட்ட நிரல் இது:

```python
PAI_GRAM = 140    # ஒரு பையின் எடை, கிராமில்
KAMISHAN = 10     # நூற்றுக்கு

def seettu(edai, pai, vilai, mun):
    nikaram = edai - pai * PAI_GRAM
    paisa = nikaram * vilai // 10
    kazhivu = paisa * KAMISHAN // 100
    micham = paisa - kazhivu
    if micham <= mun:
        return 0, mun - micham
    return micham - mun, 0
```

இதில் ஒரு தீர்மானம் ஒளிந்திருக்கிறது. எடை கிராமில் வருகிறது, விலை கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வருகிறது. இரண்டையும் பெருக்கிப் பத்தால் வகுத்தால் தொகை பைசாவில் கிடைக்கும். முன்பணமும் பைசாவில்தான் உள்ளே வருகிறது. எல்லாமே முழு எண்கள். தசமப் புள்ளியோடு கணக்கிட்டால் கடைசி இலக்கத்தில் பிசிறு வரும் என்பதால் பணக் கணக்கில் இப்படிப் பைசாவில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். சீட்டு அச்சிடும் இடத்தில் மட்டும் நூறால் வகுத்து ரூபாயாகக் காட்டிக்கொள்ளலாம்.

இதன் பிறகு உரையாடல் நீள்கிறது. சீட்டை அச்சிடும் பகுதி, நாள்வாரியாகச் சேமிக்கும் பகுதி, தேதியில் வந்த ஒரு பிழையைத் திருத்தும் வேலை, ரூபாய்க் குறியீட்டோடு காட்டுவது எப்படி என்ற பேச்சு, கடைசியாக மாத அறிக்கை. மாத அறிக்கையில் தொகைகள் ரூபாயில், தசமப் புள்ளியோடு வருகின்றன. இடையில் ஒருமுறை மனக்கணக்காகச் சரிபார்க்க வசதியாகப் "பை 100 கிராம் என்று வைத்துக்கொண்டால்" என்று ஒரு சோதனைக் கணக்கும் போடப்பட்டது. கடைசியில், "மாத அறிக்கையைச் சேர்த்து முழு நிரலையும் கொடு" என்று கேட்டதும் வந்தது இது:

```python
PAI_GRAM = 100    # ஒரு பையின் எடை, கிராமில்

def seettu(edai, pai, vilai, mun):
    nikaram = edai - pai * PAI_GRAM
    thogai = nikaram * vilai / 1000
    commission = round(thogai * 0.10, 2)
    micham = thogai - commission
    if micham < mun:
        return 0, mun - micham
    return micham - mun, 0
```

மேலோட்டமாகப் பார்த்தால் அதே நிரல்தான். அதே பெயர், அதே நான்கு உள்ளீடுகள், அதே வரிசை. ஓடவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் ஐந்து இடங்களில் மாறியிருக்கிறது: பையின் எடை, கமிஷன் மாறிலி காணாமல் போனது, பைசா ரூபாய் ஆனது, `kazhivu` என்ற பெயர் `commission` ஆனது, `<=` என்பது `<` ஆனது.

## கருவியிடம் கோப்பு எதுவும் இல்லை

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: வெறும் உரையாடலாக நடக்கும்போது கருவிக்குள் உங்கள் நிரல் ஒரு கோப்பாக எங்கும் சேமிக்கப்பட்டிருப்பதில்லை. "முதலில் எழுதியதைத் திரும்பக் கொடு" என்றால், அலமாரியிலிருந்து எடுத்து நீட்டும் வேலை நடப்பதில்லை. நடப்பது புதிதாக எழுதும் வேலை.

இத்தகைய கருவிகளுக்கு அடிப்படையாக இருப்பது மொழி மாதிரி. அது உரையை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. ஒரு டோக்கன் ஒரு முழுச் சொல்லாகவும் இருக்கலாம், சொல்லின் பாதியாகவும் இருக்கலாம், ஓர் அடைப்புக்குறியாகவும் இருக்கலாம். உரையாடலில் இதுவரை வந்த அனைத்தையும், அதாவது உங்கள் கேள்விகள், அதன் பதில்கள், பழைய நிரல்கள் எல்லாவற்றையும் ஒரே நீளமான உரையாக எடுத்துக்கொண்டு, அடுத்து வரக்கூடிய டோக்கன் எது என்று கணிக்கிறது. கணித்ததை உரையின் கடைசியில் ஒட்டுகிறது. ஒட்டிய பின் அதையும் சேர்த்துக்கொண்டு அடுத்ததைக் கணிக்கிறது. முந்நூறு வரி நிரலைத் திரும்பத் தருவதென்றால் இந்தக் கணிப்பு சில ஆயிரம் தடவை நடக்க வேண்டும்.

ஆக, மாலையில் வந்த `seettu` காலையில் வந்ததன் பிரதி அல்ல. காலை நிரலைப் பார்த்து எழுதப்பட்ட இன்னொரு நிரல். காலை நிரலை மட்டுமே பார்த்து எழுதப்பட்டதும் அல்ல.

## பார்த்தெழுதும் திறன்

இப்படி எழுதும் கருவி எப்படி ஆயிரம் டோக்கன்களைப் பிசகாமல் திரும்ப எழுதுகிறது என்பதுதான் உண்மையில் வியக்க வேண்டிய விஷயம். குறுகிய உரையாடலில் அது பெரும்பாலும் ஓர் எழுத்துகூட மாறாமல் எழுதிவிடும்.

அதற்குக் காரணமான அமைப்பின் பெயர் கவனம். 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமைப்பின் மையம் அதுதான். ஒவ்வொரு டோக்கனைக் கணிக்கும்போதும் மாதிரி முந்தைய உரை முழுவதையும் அலசி, எந்த இடத்துக்கு எவ்வளவு எடை தருவது என்று தீர்மானிக்கிறது. இந்த அமைப்புக்குள் பார்த்தெழுதுவதற்கென்றே சில பகுதிகள் உருவாகியிருப்பதை 2022-இல் ஆந்த்ரோபிக் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அவற்றின் வேலை எளிமையானது. இப்போது எழுதிய டோக்கன் முன்பு எங்கே வந்தது என்று தேடுகின்றன. அந்த இடத்தில் அதற்கு அடுத்து எது வந்ததோ அதையே இப்போதும் எழுதும்படி உந்துகின்றன.

`nikaram = edai` என்று எழுதியாகிவிட்டது. இதே தொடர் முன்பு எங்கே வந்தது? காலை நிரலில். அங்கே அடுத்து `- pai` என்று இருந்தது. ஆகவே இப்போதும் `- pai`. இப்படியே ஒவ்வொரு அடியாகப் போகிறது.

இங்கேதான் சிக்கலின் விதையும் இருக்கிறது. "முன்பு எங்கே வந்தது?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடை இருக்கும்வரை எல்லாம் சரி. நீண்ட உரையாடலில் விடைகள் பல.

## விலகல் எந்தப் பக்கம் சாய்கிறது

விலகல் கண்டபடி நடப்பதாக நினைப்பவர்கள் உண்டு. மேலே உள்ள இரண்டு நிரல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை என்பது தெரியும். மாறிய ஐந்து இடங்களிலும் மாற்றம் இரண்டே திசைகளில்தான் போயிருக்கிறது.

1. அண்மையில் வந்ததை நோக்கி. உரையாடலின் பிற்பகுதி முழுவதும் ரூபாய், தசமப் புள்ளி, மாத அறிக்கை. `thogai` என்ற பெயரும் `/ 1000` என்ற வகுத்தலும் மாத அறிக்கைப் பகுதியில் வந்தவை. பையின் எடை 100 கிராம் என்பது அந்தச் சோதனைக் கணக்கில் வந்தது. கணிக்கும் நேரத்தில் இவையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. காலை நிரல் பல பக்கங்களுக்கு அப்பால் இருக்கிறது. அதற்குப் பிறகு அதே செயற்பகுதி திருத்தங்களோடு இரண்டு மூன்று தடவை வந்திருந்தால், தேடும் பகுதிக்கு அத்தனை இடங்களும் பொருந்தும். எது இறுதியாக ஒப்புக்கொண்ட வடிவம், எது சும்மா போட்டுப் பார்த்தது என்று உரையில் முத்திரை குத்தி வைக்கப்படவில்லை. பேச்சின் போக்கிலிருந்து மாதிரி ஊகித்துக்கொள்ள வேண்டும்.

2. வழக்கமானதை நோக்கி. மாதிரி கோடிக்கணக்கான வரி நிரல்களைப் படித்துப் பயின்றது. அவற்றில் கமிஷனைக் கணக்கிடும் மாறியின் பெயர் `commission` என்று இருப்பதுதான் வழக்கம், `kazhivu` அபூர்வம். பணத்தை இரண்டு தசம இடத்துக்கு `round` செய்வது சர்வசாதாரணம். பைசாவில் முழு எண்ணாக வைத்து `//` போடுவது அதைவிடக் குறைவு. பத்து சதவீதத்தை `0.10` என்று நேரே எழுதுவதும் வழக்கமே. காலை நிரல் கண்முன்னால் அழுத்தமாக இருக்கும்போது இந்த வழக்கத்தின் இழுப்பு தோற்றுப்போகிறது. அந்த அழுத்தம் குறையக் குறைய வழக்கம் மேலே வருகிறது.

பழைய ஏடுகளைப் பெயர்த்தெழுதியவர்களிடமும் இதே போக்கு உண்டு. தமக்குப் பழக்கமில்லாத அரிய சொல் வரும் இடத்தில் பழகிய சொல்லைத் தம்மையறியாமல் எழுதிவிடுவார்கள். பாடபேதங்களை ஒப்பிடும் பதிப்பாசிரியர்கள், இரண்டு பாடங்களில் எளிதானதைச் சந்தேகப்படுவதற்கு இதுதான் காரணம். நிரலிலும் அந்த அளவுகோல் அப்படியே செல்லும். இரண்டு வடிவங்களில் எது மூலம் என்று தெரியாதபோது, வழக்கத்துக்கு மாறாக இருப்பதே பெரும்பாலும் மூலம். 140 என்ற எண்ணை யாரும் தற்செயலாக எழுதமாட்டார்கள். 100 தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

இந்த இரண்டு இழுப்புகளுக்கும் துணைபோவது கேள்வி கேட்கும் விதம். "மாத அறிக்கையைச் சேர்த்து முழு நிரலையும் கொடு" என்பது இரண்டு வேலைகளை ஒன்றாகக் கட்டிய கோரிக்கை. ஒன்று, பழையதை அப்படியே பார்த்தெழுதுவது. இன்னொன்று, புதியதை எழுதி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்வது. மாத அறிக்கை ரூபாயில் இருக்கிறது, சீட்டு பைசாவில் இருக்கிறது. பொருந்தச் செய்யும் நோக்கில் பார்த்தால் சீட்டையும் ரூபாய்க்கு மாற்றுவது நியாயமாகவே தோன்றும். எந்த இடத்தில் பொருத்தம் வேண்டும், எந்த இடத்தில் கை வைக்கக்கூடாது என்பதைக் கோரிக்கை சொல்லவில்லை.

தூரம் என்று சொன்னேன். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் அவர்களோடு பணியாற்றிய பிறரும் நீண்ட உரையில் ஒரு தகவலை வெவ்வேறு இடங்களில் வைத்து, மாதிரிகள் அதைச் சரியாக எடுக்கின்றனவா என்று சோதித்தார்கள். தொடக்கத்திலோ கடைசியிலோ இருந்தால் நன்றாக எடுத்தன; நடுவில் புதைந்திருந்தால் தடுமாறின. பிறகு வந்த மாதிரிகள் இதில் தேறியிருக்கின்றன. ஆனாலும் நிரலை வளர்க்கும் உரையாடலில் நமக்கு வேண்டிய வடிவம் பெரும்பாலும் நடுவில்தான் கிடக்கும். முதல் பக்கத்தில் இருப்பது முதல் வரைவு. ஒப்புக்கொள்ளப்பட்ட வடிவம் இரண்டு மூன்று திருத்தங்களுக்குப் பிறகு வந்தது.

## ஒரு டோக்கன் தவறினால்

இதில் எண்கணக்கும் சேர்ந்துகொள்கிறது. மூவாயிரம் டோக்கன் நீளமுள்ள நிரலைத் திரும்ப எழுத வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொரு டோக்கனும் மூலத்தில் உள்ளபடி வர 99.9 சதவீத வாய்ப்பு இருந்தாலும், மூவாயிரமும் பிசகாமல் வர வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதம்தான். 99.99 சதவீதம் என்று உயர்த்தினால் அது சுமார் 74 சதவீதம் ஆகும். நான்கில் ஒரு தடவை எங்கோ ஒரு மாற்றம் வரும்.

உண்மையில் ஆபத்து எல்லா டோக்கன்களிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. `def` என்பதற்குப் பின் வரும் இடைவெளியிலோ, திறந்த அடைப்புக்குறியை மூடுவதிலோ எந்தத் தடுமாற்றமும் வராது. தடுமாற்றம் வருவது சில முடிச்சுகளில்: புதிய மாறியின் பெயர் தொடங்கும் இடம், எண் வரும் இடம், `<` போட்ட பிறகு `=` வேண்டுமா என்ற இடம், ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடம்.

அப்படி ஒரு முடிச்சில் விலகிவிட்டால், பின்வருவது எல்லாம் அந்த விலகலுக்கு ஏற்ப வளைந்துகொள்ளும். இதுதான் நம் எடுத்துக்காட்டில் நடந்தது. செயற்பகுதியின் மூன்றாவது வரியில் `paisa` என்று தொடங்க வேண்டிய இடத்தில் `thogai` வந்துவிட்டது. அந்த ஒரு சொல் விழுந்ததும் பார்த்தெழுதும் பகுதி "`thogai =` முன்பு எங்கே வந்தது?" என்று தேடுகிறது. கிடைப்பது காலை நிரல் அல்ல, மாத அறிக்கை. அங்கே அடுத்து இருந்தது `/ 1000`. தொகை ரூபாயில் ஆகிவிட்டதால் அடுத்த வரியில் `// 100` பொருந்தாது, `round(..., 2)` வருகிறது. `KAMISHAN` என்ற மாறிலி மேலேயே விடுபட்டுப் போனதால், நூற்றுக்குப் பத்து என்பது இங்கே `0.10` என்று நேரே வருகிறது. பைசா ரூபாய் ஆனது முழுவதும் இந்த ஒரே சறுக்கலின் பிள்ளை.

பின்னால் திரும்பிப் போய்த் திருத்தும் வழக்கம் இந்த எழுத்துமுறையில் இல்லை. எழுதியது எழுதியதுதான், அதோடு ஒத்துப்போவது மட்டுமே மீதி வேலை. அதனால்தான் விலகிய நிரல் உள்ளுக்குள் முரண்பாடில்லாமல், வாசிக்க இயல்பாக இருக்கிறது. பார்த்தவுடன் பிழை கண்ணில் படாததற்கும் அதுவே காரணம்.

டோக்கனைத் தேர்ந்தெடுப்பதில் சிறிது தற்செயலைக் கலப்பதற்கென்று வெப்பநிலை என்ற அமைப்பு ஒன்று உண்டு. அதைச் சுழியத்தில் வைத்தால் விலகல் நின்றுவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். தற்செயல் குறையும், அவ்வளவுதான். இழுப்பு காரணமாக `thogai` என்பதே முதலிடத்துக்கு வந்துவிட்டால், சுழியத்தில் வைத்தாலும் அதுதான் வரும்.

## காலை நிரல் பார்வையிலேயே இல்லாதபோது

மேலே சொன்னதெல்லாம் காலை நிரல் உரையில் இன்னும் இருக்கிறது என்ற நிலைக்கு. சில சமயம் அதுவும் இருக்காது.

ஒரு மாதிரி ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரைக்கு நீள வரம்பு உண்டு. வரம்பை நெருங்கும்போது கருவிகள் ஏதாவது செய்தாக வேண்டும். சில, பழைய பகுதியை வெட்டிவிடும். சில, பழைய பகுதியைச் சுருக்கமாக எழுதி அதை மட்டும் வைத்துக்கொள்ளும். "சீட்டுச் செயற்பகுதி பையின் எடையையும் கமிஷனையும் முன்பணத்தையும் கழித்து மீதியைத் தருகிறது" என்று ஒரு வரி. இந்த வரி சொல்வது முழுக்க உண்மை. ஆனால் 140 என்ற எண்ணும் பைசா என்ற அலகும் அதில் இல்லை. அடுத்தமுறை நிரலைக் கேட்டால், இந்த வர்ணனையை வைத்துக்கொண்டு புதிதாகத்தான் எழுதியாக வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த வரம்பு சற்று முன்னதாகவே வந்து சேரும். வழக்கமான யூ.டி.எஃப்-8 குறியீட்டில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பைட் இடம் பிடிக்கிறது. பல மாதிரிகளின் டோக்கன் வெட்டும் முறை ஆங்கிலத்துக்கு ஏற்ப அமைந்தது என்பதால், அதே கருத்தைத் தமிழில் சொல்ல அதிக டோக்கன்கள் செலவாகின்றன. பேச்சு முழுவதும் தமிழில் நடந்தால் காலை நிரல் அதற்கேற்ப இன்னும் பின்னால் தள்ளப்படும்.

இரண்டு நிலைகளையும் வேறுபடுத்திப் பார்ப்பது கடினமல்ல. பெரும்பகுதி ஒரே மாதிரி இருந்து, அங்கங்கே பெயரும் எண்ணும் குறியும் மாறியிருந்தால் அது பார்த்தெழுதுவதில் நேர்ந்த சறுக்கல். குறிப்புரைகள், மாறிப் பெயர்கள், வரிசை எல்லாமே ஒட்டுமொத்தமாக மாறி, செயற்பகுதியின் நோக்கம் மட்டும் ஒன்றாக இருந்தால், மூலம் பார்வையிலிருந்தே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

## சீட்டில் என்ன ஆகிறது

ஒரு விவசாயியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்த எடை 12 கிலோ 400 கிராம், இரண்டு பை, விலை கிலோவுக்கு 600 ரூபாய், ஏற்கனவே வாங்கிய முன்பணம் 2,000 ரூபாய்.

காலை நிரலின்படி: இரண்டு பைக்கு 280 கிராம் போக நிகர எடை 12,120 கிராம். தொகை 7,272 ரூபாய். கமிஷன் 727 ரூபாய் 20 பைசா. மீதி 6,544 ரூபாய் 80 பைசா. முன்பணம் கழித்தால் விவசாயியின் கையில் தரவேண்டியது 4,544 ரூபாய் 80 பைசா.

மாலை நிரலின்படி: நிகர எடை 12,200 கிராம். தொகை 7,320 ரூபாய், கமிஷன் 732 ரூபாய், மீதி 6,588. இதுவரை ரூபாய். ஆனால் முன்பணம் பழைய வழக்கப்படி பைசாவில் 2,00,000 என்று உள்ளே வருகிறது. 6,588 என்பது 2,00,000-ஐவிடக் குறைவு. ஆகவே கையில் தரவேண்டியது சுழியம், விவசாயி பேரில் நிற்கும் பாக்கி 1,93,412. அச்சிடும் பகுதி மாறவில்லை. அது நூறால் வகுத்து, பாக்கி 1,934 ரூபாய் 12 பைசா என்று சீட்டில் போடுகிறது.

இந்த எண்ணைக் கவனியுங்கள். அதைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை திடுக்கிடமாட்டார். இரண்டாயிரம் முன்பணம் வாங்கியவர், கொஞ்சம் பூ போட்டிருக்கிறார், பாக்கி சற்றுக் குறைந்திருக்கிறது என்று நம்பக்கூடிய எண்ணாக இருக்கிறது. ஏழாயிரம் ரூபாய்க்குப் பூ போட்டவர் வெறுங்கையோடு உசிலம்பட்டி பஸ் ஏற வேண்டியிருக்கும். முன்பணமே வாங்காதவருக்கு 65 ரூபாய் 88 பைசா என்று வரும். அங்கேதான் சத்தம் எழும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு அலகுப் பிழையைத் திருத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பையின் எடை 100 ஆகவே இருக்கும். இந்தச் சீட்டில் 43 ரூபாய் 20 பைசா கடைக்காரர் கூடுதலாகக் கொடுப்பார். ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு போடப்படுகிறதோ, அத்தனை தடவை இது நடக்கும். யாரும் கேட்கமாட்டார்கள், கணக்கு சரியாகத்தான் தோன்றும். கமிஷன் மாறிலி காணாமல் போனது இன்னும் மெதுவாக வெளிப்படும். என்றோ ஒருநாள் கமிஷனை எட்டாகக் குறைக்க முடிவு செய்து, மாறிலியைத் தேடும்போதுதான் அது இல்லை என்பதே தெரியவரும்.

`<=` என்பது `<` ஆனதால் மட்டும் எந்தத் தீங்கும் இல்லை. மீதியும் முன்பணமும் சரிசமமாக இருந்தால் இரண்டு வழியிலும் சுழியமும் சுழியமும்தான் வரும். எல்லா விலகலும் பிழை ஆகிவிடாது. எது பிழை, எது இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் கடினம்.

## கண்டுபிடிப்பதும் தவிர்ப்பதும்

கருவியிடம் "எதையும் மாற்றாதே" என்று அழுத்திச் சொல்வது ஓரளவு உதவும். ஆனால் அது மேலே சொன்ன இழுப்புகளோடு போட்டியிடும் இன்னொரு இழுப்பு மட்டுமே. "எதையாவது மாற்றினாயா?" என்று கேட்டு வரும் பதிலையும் நம்ப முடியாது, அந்தப் பதிலும் அதே கணிப்பு முறையில் எழுதப்படுவதுதான். சரிபார்ப்பு உரையாடலுக்கு வெளியே நடக்க வேண்டும்.

1. ஒப்புக்கொண்ட வடிவத்தைக் கோப்பாக வையுங்கள். உரையாடலை மேலே உருட்டித் தேடும் நிலை வரக்கூடாது. புதிய வடிவம் வந்ததும் இரண்டையும் கணினியை விட்டே ஒப்பிடுங்கள்:

```
diff -u seettu_pazhaya.py seettu_puthiya.py
```

கழித்தல் குறியோடு வருவது போனது, கூட்டல் குறியோடு வருவது வந்தது. நம் எடுத்துக்காட்டின் முதல் வரிகள் இப்படி இருக்கும்:

```diff
-PAI_GRAM = 140    # ஒரு பையின் எடை, கிராமில்
-KAMISHAN = 10     # நூற்றுக்கு
+PAI_GRAM = 100    # ஒரு பையின் எடை, கிராமில்
```

நீங்கள் கேட்டது மாத அறிக்கை. அதற்குச் சம்பந்தமில்லாத இந்த வரிகள் பட்டியலில் வந்தாலே போதும், வேறு விசாரணை தேவையில்லை.

2. முழு நிரலையும் திரும்பக் கேட்காதீர்கள். மாற்ற வேண்டிய செயற்பகுதியை மட்டும் கேட்டு, கோப்பில் அந்த இடத்தில் மட்டும் வையுங்கள். எழுதாத டோக்கன் விலக முடியாது. கோப்புகளை நேரடியாகத் திருத்தும் நிரலெழுதுக் கருவிகள் பல, "இந்த வரிகளை எடுத்துவிட்டு இவற்றை வை" என்ற முறையில் வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றில் தொடாத வரிகள் வட்டில் இருப்பது போலவே இருக்கும்.

3. புதிய வேலைக்குப் புதிய உரையாடல். கோப்பில் உள்ள நடப்பு வடிவத்தை ஒட்டி, அதன் கீழேயே கோரிக்கையை எழுதுங்கள். அப்போது உரையில் ஒரே ஒரு வடிவம்தான் இருக்கும். அதுவும் பக்கத்திலேயே இருக்கும். பழைய உரையாடலிலேயே ஒட்டுவதும் பயன் தரும். ஆனால் பழைய வரைவுகளும் சோதனைக் கணக்குகளும் அங்கேயே போட்டியில் நிற்கும். விலகிய வடிவத்தை மட்டும் தெரியாமல் ஒட்டிவிடாதீர்கள். ஒட்டினால் அதன் பிறகு அதுவே மூலம் ஆகிவிடும்.

4. அபூர்வமான முடிவுகளுக்குக் காரணம் எழுதுங்கள். `# பைசாவில், முழு எண்; முன்பணமும் பைசாவில்` என்று அந்த வரியிலேயே ஒரு குறிப்பு இருந்தால், வழக்கத்தின் இழுப்புக்கு எதிராக அது நிற்கும். குறிப்பே காணாமல் போனால், அது ஒப்பீட்டில் தனி வரியாகத் தெரியும்.

5. விடை தெரிந்த கணக்குகளைச் சோதனையாக வையுங்கள். கையால் போட்டுப் பார்த்த மூன்று சீட்டுகள் போதும்: முன்பணம் உள்ளது, இல்லாதது, முன்பணம் மீதியைவிட அதிகமானது.

```python
assert seettu(12400, 2, 600, 200000) == (454480, 0)
assert seettu(12400, 2, 600, 0) == (654480, 0)
assert seettu(2000, 1, 300, 100000) == (0, 49780)
```

மாலை நிரல் முதல் வரியிலேயே நின்றுவிடும். அலகை மட்டும் திருத்திவிட்டு வந்தாலும், 140 திரும்பும்வரை மறுபடி நிற்கும். எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பை சுழியம் என்று வைத்துச் சோதித்தால் பையின் எடை மாறியது எந்தச் சோதனையிலும் தெரியாது. எது விலகக்கூடும் என்று ஐயமிருக்கிறதோ, அந்த எண் விடையில் கலந்திருக்க வேண்டும்.

இந்தச் சோதனைக் கோப்பை அதே உரையாடலில் நிரலோடு சேர்த்து மறுபடி எழுதித் தரும்படி கேட்கக்கூடாது. கேட்டால் சோதனையும் நிரலோடு சேர்ந்தே விலகும்; 100 கிராம் பைக்கு ஏற்ற விடைகளோடு வந்து, மூன்றும் தேறிவிட்டதாகக் காட்டும்.